ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால்?

கேள்வி: செம்பூரிலிருந்து சி.எஸ்.எம்.டி. வரை தினமும் லோக்கலில் இயர்பட்ஸ் போட்டுக்கொண்டுதான் போகிறேன். இடது பக்கம் சத்தம் அமுங்கிக் கேட்கிறது. அதுவே சில நாள் சார்ஜும் ஏறுவதில்லை. கடைக்காரர் புதுசு வாங்கச் சொல்கிறார். வாங்கிவிடட்டுமா சார்?

பதில்: அவசரப்படாதீர்கள். போனின் ஆக்சஸிபிலிட்டி செட்டிங்கில் இடது-வலது பேலன்ஸ் நடுவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால், இரண்டு பட்ஸிலும் ரப்பர் முனையைக் கழற்றிவிட்டு, ஒரே பாட்டை மாற்றி மாற்றிக் காதருகே பிடித்துக் கேளுங்கள். ரப்பர் இல்லாமல் பாஸ் குறையத்தான் செய்யும், அதை விடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி கேட்டால் அடைப்பு ரப்பரில். இடது மட்டும் இன்னும் மங்கல் என்றால் வலையில் காதழுக்கு ஏறியிருக்கலாம்.

ரப்பரில் என்றால் வேலை சுலபம். சிலிகான் முனையை வெதுவெதுப்பான நீரில் அலசி, உள்துளைவரை நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். ஸ்பாஞ்ச் மாதிரியான ஃபோம் முனை என்றால் தண்ணீரில் போடக் கூடாது, துணியால் துடைத்தால் போதும்.

வலைக்குத்தான் பொறுமை வேண்டும். பட்ஸை வலை தரையைப் பார்க்கும்படி தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, உலர்ந்த, மிருதுவான டூத்பிரஷால் கீழிருந்து லேசாகத் தேயுங்கள். அப்போதுதான் உதிரும் துகள் வெளியே விழும். வலையை மேலே பார்க்க வைத்துத் தேய்த்தால் அது உள்ளேதான் போகும். ஊசி, சேஃப்டி பின் பக்கமே போகாதீர்கள். வலை கிழிந்தால் அதற்குப் பின்னால் இருப்பது ஸ்பீக்கரின் மெல்லிய சவ்வு. கம்ப்ரெஸ்டு ஏர் அடிப்பதும் அந்தச் சவ்வுக்கு ஆபத்து. ஸ்பிரிட்டை வலையில் விட்டால் அழுக்கு கரைந்து உள்ளே இறங்கிவிடும். மொபைல் ரிப்பேர் பெஞ்சுகளில் இதையெல்லாம் தயங்காமல் செய்வார்கள், அங்கே கொடுத்தால் பக்கத்தில் நின்று கவனித்துத் தடுத்துவிடுங்கள்.

அடுத்தது சார்ஜ். பட்ஸைக் கேஸில் வைத்து விரலால் லேசாக அழுத்துங்கள். அழுத்தும்போது மட்டும் சார்ஜ் ஏறினால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள், தொடர்புப் புள்ளிகள்தான் சரியாக ஒட்டவில்லை. மும்பை வியர்வைக்குக் கேட்கவா வேண்டும், அந்தப் புள்ளிகளில் பச்சையாகவோ கறுப்பாகவோ படிந்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் லாமிங்டன் ரோடு கடைகளில் கிடைக்கும். காட்டன் பட்டை அதில் தொட்டு, சொட்டாதபடி பிழிந்து, பட்ஸின் புள்ளிகளையும் கேஸுக்குள் இருக்கும் பின்களையும் துடையுங்கள். அந்தப் பின்கள் ஸ்பிரிங் வைத்தவை. காட்டன் நுனியால் அமுக்கினால் உள்ளே போய்த் திரும்ப எழ வேண்டும். ஒன்று எழாமல் நின்றுவிட்டால் கோளாறு கேஸில். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், மேல்பூச்சு போய்விட்டால் சீக்கிரமே துரு பிடிக்கும். நன்றாக உலர்ந்த பிறகே பட்ஸை உள்ளே வையுங்கள். பெரிய சைஸ் ரப்பர் மாற்றியிருந்தாலும் பட்ஸ் முழுதாக உட்காராது, அதையும் பார்த்துவிடுங்கள்.

அழுத்தினாலும் துடைத்தாலும் ஏறவில்லை என்றால் பேட்டரியோ கேஸோ போயிருக்கலாம். வாரண்டி இருந்தால் பில்லோடு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். அது முடிந்திருந்தால், ஜோடியாக வாங்கும் முன் இடது பட்ஸ் மட்டும் தனியாகத் தருவார்களா என்று அங்கேயே கேட்டுப் பாருங்கள். சில கம்பெனிகள் தருகின்றன.