கிராமத்து ஏரியில் பறவைக் காணொளி: மறைவும் சத்தமும், கேள்வி பதில்

அல்சூரிலிருந்து: அண்ணா, ஹொசகோட்டே பக்கம் ஒரு கிராமத்து ஏரியில் முக்குளிப்பானைப் போனில் எடுத்தேன். 22 மடங்கு என்று போட்ட கிளிப் லென்ஸ். புள்ளியாகத்தான் வருகிறது, அதுவும் மங்கல். இன்னும் பெரிய லென்ஸ் வாங்கவா?

வாங்க வேண்டாம், தூரத்தைக் குறையுங்கள். அந்த கிளிப் லென்ஸில் நடுப்பகுதி மட்டும்தான் ஓரளவு தெளிவாக இருக்கும். அதற்குப் பதில் 20 மடங்கு ஸ்பாட்டிங் ஸ்கோப், அதாவது ஒற்றைக் கண் தொலைநோக்கி ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி, அடாப்டர் வைத்துப் போனை மாட்டிப் பாருங்கள். ஏறக்குறைய 500 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்த மாதிரி கிடைக்கும். ஆனால் 30 மீட்டர் தள்ளி நின்றால் அதிலும் சட்டகத்தின் அகலம் 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். முக்குளிப்பான் 25 சென்டிமீட்டர் பறவை. அகலத்தில் எட்டில் ஒரு பங்குதான் வரும். அதே ஸ்கோப்போடு 15 மீட்டரில் உட்கார்ந்தால் கால் பங்கு வந்துவிடும். மடங்கை 60க்கு ஏற்றினால் வெளிச்சம் குறையும், சின்ன நடுக்கமும் பெரிதாகும். வெயில் ஏறியபிறகு தண்ணீர்மேல் கானல் அலைகிறதே, அதையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும்.

போனின் முதன்மை கேமராவை மட்டும் பயன்படுத்துங்கள். ஐபோன் என்றால் வீடியோ அமைப்பில் `Lock Camera` போட்டுவிடுங்கள், இல்லையென்றால் பாதியில் வேறு லென்ஸுக்குத் தாவி எல்லாம் கருப்பாகிவிடும். சுற்றிலும் வட்டமாகத் தெரியும் கருப்பு மறையும்வரை கொஞ்சம் ஜூம் செய்யுங்கள், அதற்குமேல் வேண்டாம். பதிவைத் தொடங்கப் போனைத் தொடாதீர்கள். சின்ன ப்ளூடூத் ரிமோட் போதும்.

முருகேஷ்பாளையாவிலிருந்து: 15 மீட்டருக்குப் போனால் பறவை இருக்குமா சார்? ஒளிந்து உட்கார மறைவு எங்கே, எதால் போடுவது?

நல்ல கேள்வி, இதற்கு விரிவாகவே சொல்கிறேன்.

முதல் முறை கேமராவை எடுத்துப் போகாதீர்கள். கரையில் தள்ளி உட்கார்ந்து, பறவை எந்தக் கோரை ஓரமாகத் திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டும் பாருங்கள். காலை வெளிச்சத்தில் எடுக்கப் போகிறீர்கள் என்றால் மறைவு கிழக்குக் கரையில் இருக்க வேண்டும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் வரும். மாடு தண்ணீர் குடிக்க இறங்கும் வழியையும் துணி துவைக்கும் கல்லையும் விட்டு விலகிப் போடுங்கள். போடும் முன் ஊர்க்காரர்களிடமும் பஞ்சாயத்திலும் கன்னடத்தில் இரண்டு வார்த்தை பேசிவிடுங்கள். ஏரிக்கரையில் முன்பின் தெரியாத ஆள் கூடாரம் போட்டால் யாருக்கும் சந்தேகம் வரும்.

நான்கு மூங்கில், நர்சரிகளில் கட்டுகிற பச்சை நிழல் வலை, உள்பக்கம் கோணிப்பை. இவ்வளவுதான். லென்ஸ் தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கட்டும், அப்போதுதான் பறவையின் கண் மட்டத்தில் படம் வரும். வலையை இழுத்துக் கட்டுங்கள். காற்றில் படபடக்கும் துணியைப் பார்த்துத்தான் பறவை அதிகம் மிரளும். கோரையை வெட்டி மறைவின்மேல் சொருகாதீர்கள். அது அவற்றின் வீடு.

ஒரே நாளில் 15 மீட்டருக்குப் போய்விடாதீர்கள். முதலில் 40 மீட்டரில் நிறுத்தி, ஆளே இல்லாமல் இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். பறவைகள் சாதாரணமாக மேய ஆரம்பித்ததும் நகர்த்துங்கள். படமெடுக்கும் நாளில் இருட்டிலேயே உள்ளே போய்விட வேண்டும். விடிந்துவிட்டது என்றால் ஒரு நண்பரோடு சேர்ந்து போங்கள், அவர் மட்டும் வெளியே வந்து நடந்து போகட்டும். பல பறவைகள் ஆள் போய்விட்டதாகவே எடுத்துக்கொள்ளும்.

தவறிவிட்டது என்பதை ஆள்காட்டிக் குருவி முதலில் சொல்லிவிடும். அது கத்திக்கொண்டே இருந்தாலும், புள்ளிமூக்கு வாத்துகள் கழுத்தை நிமிர்த்தியபடியே இருந்தாலும், முக்குளிப்பான் முங்கி முங்கிக் கோரைக்குள் போய் மறைந்தாலும் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். அரைமணி நேரம் பொறுங்கள். மாறவில்லை என்றால் எழுந்து வந்து, மறைவைப் பின்னால் தள்ளிப் போடுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். முக்குளிப்பான் பாசியை வாயில் கவ்விக்கொண்டு ஒரே இடத்துக்குப் போய் வந்தால் அங்கே கூடு கட்டுகிறது. அந்தப் பக்கத்தையே விட்டுவிடுங்கள். கூட்டைவிட்டு இறங்கும்போது அது முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டுப் போகும். திடீரென்று மிரட்டினால் மூட நேரம் இருக்காது. முட்டை வெயிலிலும் காக்கை கண்ணிலும் கிடக்கும்.

இந்திராநகரிலிருந்து: பறவைகளுக்குப் புற ஊதா ஒளி தெரியும். சோப்புத்தூளில் துவைத்த துணி அதற்குப் பளிச்சென்று தெரியும். ராணுவப் பச்சை உடை போட்டால் மறைவே தேவையில்லை.

முதல் பாதி பெரும்பாலும் சரி, நம்மைவிடப் பறவைகளுக்கு நிறம் அதிகம் தெரியும். முடிவுதான் சரியில்லை. பச்சை உடை போட்ட மனிதனும் மனித உருவத்தில்தான் அசைகிறான்.

மடிவாளாவிலிருந்து: நான் மடிவாளா ஏரியில் தினமும் நடக்கிறேன். அங்கே மறைவு எப்படிப் போடுவது?

அங்கே வேண்டாம். நடப்பவர்களைத் தினமும் பார்த்துப் பழகிய பறவைகள். அசையாமல் உட்கார்ந்தாலே போதும்.

சிவாஜிநகரிலிருந்து: பறவைக் குரலைப் போனில் போட்டால் பக்கத்தில் வருமா?

வரும். தன் இடத்தில் எதிரி நுழைந்ததாக நினைத்துச் சண்டைக்கு வரும். இரையையும் குஞ்சையும் விட்டுவிட்டு வரும். செய்யாதீர்கள்.

மல்லேஸ்வரத்திலிருந்து: தம்பி, படம் பரவாயில்லை, ஆனால் சத்தம் முழுக்கக் காற்றும் மோட்டாரும்தான். ஐம்பதைத் தாண்டியவளுக்கும் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

அம்மா, இதுவும் தூரக் கணக்குதான். மறைவிலிருக்கும் போன் பறவையிலிருந்து 30 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோரை ஓரத்தில் 2 மீட்டரில் இன்னொரு போனை வைத்தால் தூரம் பதினைந்தில் ஒரு பங்காகிவிடும். குரல் அந்த அளவுக்கு வலுவாக விழும், மோட்டார் சத்தம் மட்டும் அப்படியே இருக்கும்.

வீட்டில் கிடக்கும் பழைய போன் போதும். ஏரோப்ளேன் மோடில் போட்டு, அலாரத்தை அணைத்து, பதிவை ஓடவிட்டு, விடியும் முன்னே வைத்துவிட்டு வாருங்கள். மைக் துளைமேல் ஸ்பாஞ்சும் அதன்மேல் கம்பளித் துண்டும் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பை சரசரக்கும். வயலுக்கு மும்முனைக் கரன்ட் எப்போது வரும் என்று ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள், அதற்குமுன் மோட்டார் ஓடாது.

வீட்டுக்கு வந்து இரண்டு பதிவிலும் ஒரே கூவலைப் பொருத்துங்கள். பிறகு கோரை ஓரப் பதிவை இரண்டு ஃப்ரேம் முன்கூட்டியே ஒலிக்கும்படி நகர்த்துங்கள். சத்தம் 30 மீட்டர் கடந்து கேமராவுக்கு வர ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக ஆகும். 25 ஃப்ரேம் காணொளியில் அது இரண்டு ஃப்ரேம்.

இந்திராநகர்: ஷாட்கன் மைக் ஒன்று வாங்கினால் இத்தனை வேலை எதற்கு?

அது பக்கவாட்டுச் சத்தத்தைக் குறைக்கும், தூரத்தைக் குறைக்காது. பறவைக்குப் பின்னால் மோட்டார் ஓடினால் அதுவும் சேர்ந்தே வரும்.

மல்லேஸ்வரம்: நேற்று எடுத்த நல்ல கூவலை இன்றைய படத்தில் ஒட்டினால் என்ன தம்பி? அதே ஏரி, அதே பறவை.

நான் ஒட்டமாட்டேன் அம்மா. முக்குளிப்பான் படபடவென்று கூவும்போது தொண்டை அசைவது அருகில் எடுத்த படத்தில் தெரியும்.

அல்சூர்: அண்ணா, வாய் தெரியாத தூரக் காட்சிக்கு? அங்கே வெறும் சூழல் சத்தம்தானே.

அதே காலையில், அதே கரையில் எடுத்ததென்றால் ஒப்புக்கொள்கிறேன்.

மல்லேஸ்வரம்: காலை ஆறுக்கும் எட்டுக்கும் ஏரியின் சத்தமே வேறு என்று நீங்களே சொல்வீர்கள். அப்புறம் இது மட்டும் எப்படிச் சரி?

நியாயமான கேள்வி. எங்கே கோடு போடுவது என்பதில் எனக்கும் உங்களுக்கும் ஒத்துப்போகாது போலிருக்கிறது. காணொளியின் கீழே எதை எங்கே எடுத்தீர்கள் என்று எழுதிவிடுங்கள், அதுவரைக்கும் நான் வருகிறேன்.

சிவாஜிநகர்: குரலை ரொம்ப மெதுவாகப் போட்டால்?

மேலே சொல்லிவிட்டேன். மெதுவாகவும் வேண்டாம்.

கே.ஆர்.புரத்திலிருந்து: இருட்டில் போகும்போது பாம்பு?

முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தரையைப் பார்த்து அடிக்கும் டார்ச். கரையில் கண்ணாடி விரியன் இருக்கும். உட்காரும் முன் கோணியைக் குச்சியால் தூக்கிப் பாருங்கள், கையால் வேண்டாம்.