பினாக்கிள்ல மெல்டும் பிடியும் எண்ணுறது எப்படி

"அண்ணா, மாப்ள நியூஜெர்சிலேருந்து பினாக்கிள் ஆட்டத்துக்கான சீட்டுக் கட்டு கொண்டாந்தாரு, பாபநாசம் வீட்டுத் திண்ணையில நாலு பேரு ஜோடி போட்டு ஆடுறோம். ஸ்பேடு துருப்பு, 450 ஏலம் கேட்டேன், என் கையில மட்டும் மெல்டு 340 வந்துச்சு, ஜோடிக்கு ஒண்ணும் இல்ல. ஜெயிச்சேன்னு நான் சொல்றேன், ஒரே ராணிய ரெண்டு தடவ எண்ணிட்டேன்னு எதிர் ஜோடி சொல்லுது. பிடியையும் கூட்டிப் பாத்தா மொத்தம் 256 வருது, 250தான் வரணுமாமே?"

தம்பி, நீங்க போட்டோவுல அனுப்புன கைய வச்சே பாத்துருவோம். ஸ்பேடுல ஏஸ், பத்து, ராஜா, ராணி, ஜாக்கி, ஒம்போது. டைமண்ட்ல ராஜா, ராணி, ஜாக்கி. கிளாவர்ல ஏஸ், ராஜா. ஆர்ட்டின்ல ஒரு ராஜா. மொத்தம் பன்னெண்டு.

ராணிய ரெண்டு தடவ எண்ணுனது தப்பே இல்ல. மெல்டுன்னா பாயிண்டுக்காக கையிலேருந்து எறக்கிக் காட்டுற சீட்டுச் சேர்க்கை, அதுல மூணு ஜாதி இருக்கு. துருப்புல ஏஸ், பத்து, ராஜா, ராணி, ஜாக்கி அஞ்சும் சேந்தா ரன், அதோட ராஜா ராணி ஜோடியான மேரேஜும் துருப்பு ஒம்போதும் ஒரு ஜாதி. நாலு இனத்துலயும் ஒரே படம் வர்றது ரெண்டாவது ஜாதி. ஸ்பேடு ராணியும் டைமண்ட் ஜாக்கியும் சேந்த பினாக்கிள் மூணாவது. ஒரு சீட்டு வேற வேற ஜாதிக்கு போகலாம், ஒரே ஜாதிக்குள்ள ரெண்டு தடவ போகக் கூடாது, அவ்வளவுதான்.

உங்க கைக்கு ரன் 150, துருப்பு ஒம்போதுக்கு 10, டைமண்ட் மேரேஜ் 20, நாலு ராஜாவுக்கு 80, பினாக்கிளுக்கு 40. கூட்டுனா 300. ஸ்பேடு ராணி ரன்லயும் பினாக்கிள்லயும் வருது, வேற ஜாதி, சரி. நீங்க எக்ஸ்ட்ராவா போட்ட 40 எங்கேருந்து வந்துச்சுன்னா, ரன்னுக்குள்ளயே இருக்குற ஸ்பேடு ராஜா ராணிய தனி மேரேஜா எண்ணிட்டீங்க, துருப்பு மேரேஜுக்கு 40. அது ஒரே ஜாதி, செல்லாது. ஒவ்வொரு சீட்டும் ரெண்டு இருக்குற ரெட்டைக் கட்டுங்கறதால இன்னொரு ஸ்பேடு ராஜாவும் ராணியும் வெளிய இருக்கு, அது ரெண்டும் உங்க கையில இருந்திருந்தா தாராளமா எண்ணியிருக்கலாம்.

மாப்ள ரெண்டு பேர் ஆட்டத்துல பழகுனவரா இருப்பாருன்னு நெனக்கிறேன். அதுல ஒவ்வொரு பிடிக்கு அப்புறமும் ஒரு மெல்டு எறக்கலாம், அதனால மொதல்ல மேரேஜ் வச்சு 40 வாங்கிட்டு அடுத்த பிடிய ஜெயிச்சு ஏஸ், பத்து, ஜாக்கிய சேத்து 150 வாங்க வழி இருக்கு. நாலு பேர் ஆட்டத்துல எல்லாத்தையும் ஒரே நேரத்துல எறக்குறோம்ல, அந்த வழி கிடையாது.

இப்ப 256க்கு வருவோம். பிடிக்கு ரெண்டு கணக்கு பழக்கத்துல இருக்கு. பழைய கணக்குல ஏஸ் 11, பத்து 10, ராஜா 4, ராணி 3, ஜாக்கி 2, ஒம்போதுக்கு ஒண்ணுமில்ல. சுலபக் கணக்குல ஏஸ், பத்து, ராஜா மூணுக்கும் தலா 10, மத்ததுக்கு சைபர். வேடிக்கை என்னன்னா ரெண்டுலயுமே 48 சீட்டுக்கு மொத்தம் 240தான், கடைசி பிடிக்கு 10 சேத்தா 250. ஆளுக்கு ஒரு கணக்கா கலந்தாதான் இடிக்கும்.

நீங்க பிடிச்ச 24 சீட்டுல அஞ்சு ஏஸ், நாலு பத்து, மூணு ராஜா, அஞ்சு ராணி, ரெண்டு ஜாக்கி, மிச்சம் ஒம்போதுன்னு எழுதியிருக்கீங்க. பழைய கணக்குல அது 126, எதிர் ஜோடிக்கு 114. சுலபக் கணக்குல ஆளுக்கு 120. நீங்க 126ன்னும் அவங்க 120ன்னும் எண்ணியிருக்காங்க, கடைசி பிடி 10 சேந்து 256 ஆயிருச்சு. இனிமே சீட்டு கலைக்கிறதுக்கு முன்னாடியே எந்தக் கணக்குன்னு பேசி வச்சுக்கோங்க.

கடைசி பிடி உங்களோடதுதான், அதனால பழைய கணக்குல 136, மெல்டு 300, ஆக 436. சுலபக் கணக்குல 430. எப்படிப் பாத்தாலும் 450 எட்டல தம்பி. நீங்க 340ன்னு நெனச்சு 110 பிடிச்சா போதும்னு ஏலத்த ஏத்திட்டீங்க, நெசமா 150 வேணும். மெல்டும் பிடியும் போயி உங்க ஸ்கோர்ல 450 கழியும், எதிர் ஜோடி அவங்க எடுத்தத வச்சுக்கலாம்.

இன்னொண்ணு, நம்ம இருபத்தெட்டு ஆடி வளந்த கைக்கு ஒம்போதையும் ஜாக்கியையும் பாத்தா தானா ஒரு தெம்பு வரும், அங்க ஜாக்கிக்கு 3, ஒம்போதுக்கு 2 ஆச்சே. இங்க தலைகீழ். ஏஸுக்கு அடுத்து பத்து, அப்புறம் ராஜா, ராணி, ஜாக்கி, கடைசியில ஒம்போது. பத்து ராஜாவ அடிக்கும், இத மறந்துட்டு ராஜாவ எறக்கி பிடிய கோட்ட விடுறவங்கதான் அதிகம், நானே எத்தனையோ தடவ விட்டிருக்கேன். அதே சீட்டு ரெண்டு விழுந்தா மொதல்ல போட்டவருக்குத்தான் பிடி.