x + 2 காரணியா என்று பார்க்க எந்த எண்ணைப் போடுவது?

"4x³ − 13x + 6-க்கு (x + 2) காரணியா என்று கேள்வி. x = 2 போட்டேன், 12 வந்தது. மீதி இருக்கிறதே என்று 'காரணி இல்லை' என எழுதினேன். விடைக்குறிப்பு 'காரணி' என்கிறது. சரி, −2 மூலம் என்றே வைத்துக்கொண்டாலும் 1, −1, 3 எதைப் போட்டாலும் பூச்சியம் வரவில்லை. மற்ற மூலங்களை எப்படிப் பிடிப்பது? ஒவ்வொரு எண்ணுக்கும் நீள்வகுத்தல் போட நேரம் இல்லை."

நீங்கள் போட்ட கணக்கில் பிழை இல்லை, 12 சரியான விடைதான். ஆனால் அது (x − 2)-ஆல் வகுத்தால் வரும் மீதி. கேட்டதோ (x + 2).

எந்த எண்ணைப் போடுவது என்பதை மனப்பாடம் செய்யாமல், மீதித் தேற்றம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். f(x)-ஐ (x − a)-ஆல் வகுத்தால் ஈவு q(x), மீதி r. வகுத்தி முதல் படி என்பதால் மீதியில் x இருக்க வழியில்லை, அது வெறும் எண்.

f(x) = (x − a) q(x) + r

இது x-இன் எல்லா மதிப்புக்கும் உண்மை. அதனால் நமக்கு வசதியான மதிப்பைப் போடலாம். வசதியானது எது? வகுத்தியைப் பூச்சியமாக்குவது. x = a போட்டால் q(x) என்னவாக இருந்தாலும் அந்த உறுப்பு முழுதும் போய்விடும், மிஞ்சுவது f(a) = r. ஈவைக் கண்டுபிடிக்காமலே மீதி கிடைத்துவிட்டது. அந்த r பூச்சியமானால் (x − a) மீதியின்றி வகுக்கிறது, அதாவது காரணி. காரணித் தேற்றம் அவ்வளவுதான். டெக்கார்ட் 1637-இல் வெளியிட்ட வடிவகணித நூலிலேயே இந்தக் கருத்து இருக்கிறது.

ஆகவே x + 2 = 0 என்று எழுதி x = −2 எடுங்கள். 4 × (−8) = −32, அப்புறம் −13 × (−2) = +26, கடைசியில் +6. கூட்டினால் 0. (x + 2) காரணிதான். வகுத்தி 2x − 1 என்று வந்தாலும் இதே வழி: 2x − 1 = 0, எனவே x = 1/2.

இனி மற்ற மூலங்கள். ஒரு மூலம் கிடைத்த பிறகும் புதிது புதிதாக எண்களைப் போட்டுக்கொண்டிருப்பதுதான் நேரத்தைத் தின்கிறது. கிடைத்த காரணியால் உடனே வகுத்துப் படியைக் குறைத்துவிடுங்கள். அதற்குத் தொகுமுறை வகுத்தல் போதும். இந்தக் கோவையில் x² உறுப்பு இல்லை, அந்த இடத்தில் 0 எழுத வேண்டும். பலர் தவறவிடும் இடம் இதுதான்.

```
-2 |  4    0   -13    6
   |      -8    16   -6
   --------------------
      4   -8     3    0
```

கடைசி 0 என்பது மீதி. நேரில் போட்டுப் பார்த்த விடையோடு அது ஒத்துவராவிட்டால், விட்டுப்போன உறுப்பைத் தேடுங்கள். ஈவு 4x² − 8x + 3. இது (2x − 1)(2x − 3) என்று பிரியும். மூலங்கள் −2, 1/2, 3/2.

நீங்கள் போட்ட முழு எண்கள் ஏன் பொருந்தவில்லை என்பது இப்போது தெரியும், மற்ற இரண்டும் பின்னங்கள். கெழுக்கள் எல்லாம் முழு எண்களாக இருந்தால், பின்ன மூலத்தின் சுருங்கிய வடிவில் தொகுதி மாறிலியை வகுக்கும், பகுதி முதல் கெழுவை வகுக்கும். இங்கே மாறிலி 6, முதல் கெழு 4. எனவே 6-இன் வகுத்திகளை மட்டும் சோதித்தால் போதாது; 1/2, 3/2, 1/4, 3/4 ஆகியவற்றையும் இரு குறிகளிலும் பார்க்க வேண்டும். விகிதமுறா மூலங்கள் இந்தப் பட்டியலில் அகப்படா.

பூச்சியமாகாத மீதிகளையும் நான் தூக்கி எறிய மாட்டேன். f(0) = 6, f(1) = −3, f(2) = 12. குறி இரண்டு முறை மாறுகிறது. அதனால் 0-க்கும் 1-க்கும் நடுவே ஒரு மூலம், 1-க்கும் 2-க்கும் நடுவே இன்னொன்று கட்டாயம் உண்டு. நீங்கள் வீண் என்று நினைத்த 12, உண்மையில் 3/2 இருக்கும் பக்கத்தைக் காட்டியிருக்கிறது.

f(a) = 0 என்பது a ஒரு மூலம் என்று சொல்லும், எத்தனை முறை வரும் மூலம் என்று சொல்லாது. சந்தேகம் இருந்தால் அதே a-வை ஈவிலும் போட்டுப் பாருங்கள். இங்கே −2-ஐ ஈவில் போட்டால் 16 + 16 + 3 = 35, ஆக அது ஒரு முறைதான் வருகிறது.

விடையைச் சரிபார்க்க: x² கெழு 0 என்பதால் மூன்று மூலங்களின் கூடுதல் 0 ஆக வேண்டும். −2 + 1/2 + 3/2 = 0.