நாலு மணிக்கு முடியிற கிழமைக் கூட்டம்: கேள்வி பதில்

மாங்குளத்திலிருந்து ஒரு திட்ட இணைப்பாளர்: குளம் திருத்துற வேலைக்குப் புதன்கிழமையில 3 மணிக்குக் கூடுறம். 4 மணிக்கு முடியவேணும், ஆனா 5 மணியும் தாண்டுது. நிகழ்ச்சி நிரல் இருக்கு: போன கிழமைக் குறிப்பு, குள வேலை, நிதி, வேறு விடயங்கள். எங்க பிழை?

தங்கச்சி, "குள வேலை" என்பது வெறும் தலைப்பு. அதற்குள் எதையும் கதைக்கலாம், அதனால் எல்லாவற்றையும் கதைக்கிறீர்கள். அதைக் கேள்வியாக எழுதுங்கள்: "மழைக்கு முன் துருசு வேலையை முடிக்க இரண்டாவது மேசன் குழுவை எடுப்பதா, இல்லையா?" பக்கத்தில் அதை முடிவுசெய்பவரின் பெயரையும் நிமிடத்தையும் போடுங்கள். கேள்வியாக எழுத வராத விடயம் பெரும்பாலும் அறிக்கைதான். அது செவ்வாய் மாலையே வட்ஸ்அப் குழுவுக்குப் போகட்டும், கூட்டத்தில் வாசிக்க வேண்டாம்.

60 நிமிடத்தையும் பங்குபோடாதீர்கள். தொடக்கத்தில் 5 நிமிடம், போன கிழமை முடிவுகள் நடந்ததா என்று பார்க்க. கடைசி 5 நிமிடம் இன்றைய முடிவுகளை வாசிக்க. இன்னொரு 5 நிமிடம் இழுபறிக்கு. மிச்சம் 45. அதற்குள் மூன்று கேள்விதான் அடங்கும்: 20, 15, 10 நிமிடம். நாலாவது கேள்வி வந்தால் ஒன்றை அடுத்த கிழமைக்குத் தள்ளுங்கள். "வேறு விடயங்கள்" வரியை எடுத்துவிடுங்கள். உங்கள் ஒரு மணித்தியாலத்தை விழுங்குவது அதுதான். சொல்ல இருப்பவர் செவ்வாய் மத்தியானத்துக்குள் அனுப்பட்டும்.

வவுனியாவிலிருந்து ஒருவர்: இவ்வளவு தேவையில்லை. நேரம் பார்க்க ஓராளை விட்டு, முடிஞ்சதும் மணி அடிச்சால் சரி. நாங்கள் அப்படித்தான்.

ஆள் விடுவது சரி. தலைவரே நேரம் பார்க்கக் கூடாது, கதையில் இறங்கினால் மணிக்கூட்டை மறந்துவிடுவார். ஆனால் முடிவில் மட்டும் அடிக்கிற மணி கதையைத்தான் நிறுத்தும், முடிவைத் தராது. 20 நிமிடக் கேள்வியை உடையுங்கள்: விளக்க 5, கதைக்க 10, முடிவெடுக்க 5. நேரம் பார்ப்பவர் 15ஆவது நிமிடத்தில் "இனி முடிவு" என்று சொல்லவேண்டும்.

ஒரு முறை கிரவல் விடயம் 3:05க்குத் தொடங்கியது. ஒப்பந்தக்காரர் டிப்பர் பிந்துகிறது என்றார், தொழில்நுட்ப உத்தியோகத்தர் மண்ணின் தரம் போதாது என்றார். இரண்டு கதையும் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வந்தன. 3:20க்கு நேரம் பார்த்த பிள்ளை கைபேசியை மேசை நடுவில் வைத்து, 5 நிமிடம் குறைகிறதைக் காட்டினாள். தலைவர் கேட்டது ஒன்றுதான்: "இப்போது முடிவெடுக்க என்ன குறைகிறது?" மண் பரிசோதனை முடிவு மட்டும்தான் குறைந்தது. உத்தியோகத்தர் அதை வெள்ளிக்கிழமைக்குள் எடுப்பது, சரியென்றால் கூட்டம் பார்த்திருக்காமல் அவரே ஏற்றச் சொல்வது என்று எழுதினோம். அதுவும் முடிவுதான். "அடுத்த கிழமை பார்ப்பம்" என்பது முடிவல்ல.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு கமக்காரர் அமைப்புச் செயலாளர்: எங்கட கூட்டத்துக்கு எண்பது பேர் வருவினம். ஆளுக்கு ரெண்டு நிமிசமெண்டால் சண்டைதான் வரும், ஐயா.

வரும்தான். அண்ணை, நான் சொன்னது ஆறேழு பேர் வேலை பார்க்கிற கூட்டத்துக்கு. தண்ணீர் திறக்கிற நாள் பற்றிக் கூடுகிற சனம் தங்கள் குறையைச் சொல்லத்தான் வருகிறது. அதை நிமிடத்தால் வெட்டாதீர்கள். எடுத்த முடிவை எல்லாருக்கும் கேட்க வாசிப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு கள உத்தியோகத்தர்: எங்கட மேலதிகாரி இருபது நிமிசம் பிந்தி வந்து, முதல்ல இருந்து சொல்லச் சொல்லுவார். கடைசி பஸ்ஸுக்கு ஓடுறது நாங்கள்.

சரியாக 3 மணிக்குத் தொடங்குங்கள். அவர் தேவைப்படாத 15, 10 நிமிடக் கேள்விகளை முன்னுக்கு எடுத்தால் 3:30 ஆகும். அவர் முடிவெடுக்க வேண்டிய 20 நிமிடக் கேள்வியை அதன்பிறகு வையுங்கள். எடுத்த முடிவுகளைப் பலகையில் எழுதிவிட்டால், வருகிறவர் பார்த்துக்கொள்வார். ஓரிடத்தில் இது பலித்தது. இன்னோர் இடத்தில் அவர் பலகையைப் பார்த்த பிறகும் எல்லாவற்றையும் திரும்பக் கேட்டார். அதற்கு இன்றுவரை எனக்கு வழி பிடிபடவில்லை.

முதலில் கேட்டவர் மறுபடியும்: எங்கட கூட்டக் குறிப்பு நாலு பக்கம். ஒருத்தரும் வாசிக்கிறதில்லை. சுருக்கவோ?

யார் என்ன சொன்னார் என்பதை விடுங்கள். ஒரு முடிவுக்கு ஒரு வரி: யார், எதை, எந்த நாளுக்குள். "நாங்கள் செய்வோம்" என்று எழுதினால் ஒருவரும் செய்யார், ஒரு பெயர்தான் இருக்கவேண்டும். முடிவு வந்த நிமிடமே எழுதி, 3:55க்கு உரத்து வாசியுங்கள். பெயர் வந்தவர் "ஓம்" சொல்லவேண்டும். அவர் தயங்கினால் அந்த நாளை அங்கேயே மாற்றுங்கள். அடுத்த புதன் 3 மணிக்கு முதலில் எடுப்பது அந்தத் தாளைத்தான்.