ரிப்பேர் செலவு 85, கையில் வருவது 75: இது நியாயமா?

கேள்வி: நின்றிருந்த என் காரைப் பின்னால் வந்தவர் இடித்து நொறுக்கிவிட்டார். தவறு தன்மேல்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார். என் காரின் சந்தை விலை 100 என்றால், ஒர்க் ஷாப் எஸ்டிமேட் 85. விலையைவிடக் குறைவுதானே, ரிப்பேர் செய்துகொடுங்கள் என்றேன். அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனியோ 'டோட்டல் லாஸ்' என்று சொல்லி 75 தருகிறது, உடைந்த காரை நானே வைத்துக்கொள்ளலாமாம். ஒரு மாதமாகக் கார் இல்லாமல் அலைகிறேன். அதற்கு ஒன்றும் கிடையாதா?

பதில்: 85-ஐ நீங்கள் 100-உடன் ஒப்பிடுகிறீர்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. உங்கள் கார் நொறுங்கினாலும் ஒன்றுமில்லாமல் போய்விடவில்லை. இன்ஜின், கியர்பாக்ஸ், முன்பக்கக் கதவுகள் என்று எடுத்து விற்க ஆள் உண்டு. அந்த உடைசலுக்கு 25 கிடைக்கும் என்றால், விபத்தால் நீங்கள் இழந்தது 75தான். ரிப்பேர் செலவை வைத்துப் பார்க்க வேண்டியது இந்த 75-உடன். 75-ல் தீரும் நஷ்டத்துக்கு 85 செலவழிக்கச் சொல்லி எதிர்த்தரப்பைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதே பொதுவான விதி. உடைசலை அவர்களே எடுத்துக்கொண்டால் முழு 100-ம் உங்களுக்கு வர வேண்டும். இரண்டு வழியிலும் கணக்கு ஒன்றுதான்.

"இவ்வளவு நன்றாகப் பராமரித்த வண்டி வேறு எங்கே கிடைக்கும்?" என்று தோன்றும். 1963-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒருவர் கிட்டத்தட்ட இதையேதான் வாதிட்டார். ரிப்பேருக்கு ஆன செலவு சந்தை விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆசைக்காக ரிப்பேர் செய்துகொள்ளலாம், ஆனால் அந்தக் கூடுதல் செலவை எதிர்த்தரப்பின் தலையில் கட்ட முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதேபோல் வேறொன்று சந்தையில் கிடைக்கவே கிடைக்காது என்று நிரூபிக்கக்கூடிய அபூர்வ வண்டி என்றால்தான் கதை மாறும்.

எஸ்டிமேட்டையும் அப்படியே நம்பாதீர்கள். பின்னால் பலமாக இடி வாங்கிய காரில், பம்பரையும் டிக்கியையும் பிரித்த பிறகுதான் சேஸிஸ் வளைந்திருப்பது தெரியும். பின்கதவு மூடும்போது உரசினாலோ, கதவிடுக்கு மேலே ஒரு அளவு கீழே ஒரு அளவு என்று இருந்தாலோ, 85 அங்கே நிற்காது. எல்லாம் சரிசெய்த பிறகும் 'அடிபட்ட வண்டி' என்று விலை குறைத்துத்தான் கேட்பார்கள். அந்தக் குறைவு 7 என்று வைத்தால், ரிப்பேர் பக்கம் 92 ஆகிவிட்டது.

ஆகவே சண்டையை 85-க்காகப் போடாதீர்கள், 100-க்காகப் போடுங்கள். சந்தை விலை என்பது அதே வருடம், அதே மாடல், ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடிய காரை இன்று நீங்கள் வாங்கப் போனால் ஆகும் விலை. டீலரிடம் உங்கள் காரைத் தள்ளிவிட்டால் கிடைக்கும் விலை அல்ல. கம்பெனிகள் பல சமயம் இந்த இரண்டாவதைத்தான் நீட்டும். விற்பனைக்கு வந்திருக்கும் நாலைந்து கார்களின் விவரத்தையும் சர்வீஸ் பில்களையும் எடுத்து வையுங்கள். உடைசல் 25 போகும் என்றால், அந்த விலைக்கு யார் எடுப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஆள் வராவிட்டால் காரை அவர்களிடமே விட்டுவிட்டு 100 கேளுங்கள்.

இனி, கார் இல்லாத நாட்கள். டோட்டல் லாஸ் என்றால் இதற்குத் தனியாகக் கிடையாது என்ற பழைய விதி சில இடங்களில் இருந்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2016-ல்தான் அதைக் கைவிட்டது. இப்போது பல இடங்களிலும் கொடுக்கிறார்கள், ஆனால் நியாயமான காலத்துக்கு மட்டும். ரிப்பேர் என்றால் அது வேலை முடியும் வரை, டோட்டல் லாஸ் என்றால் மாற்று வண்டி வாங்கத் தேவைப்படும் வரை. இதே அளவுள்ள காருக்கு வார வாடகை 2 என்று வைத்துக்கொள்வோம். சர்வேயர் வந்து முடிவு சொல்ல ஒரு வாரம், வேறு கார் தேடி வாங்க இரண்டு வாரம் என்றால் 6. அதாவது நீங்கள் கேட்க வேண்டியது 75 அல்ல, 81.

உங்கள் மாதத்தில் மீதி நாட்கள் யாரால் ஆனவை என்பதைத் தேதியோடு காட்ட வேண்டும். கம்பெனி பதில் போடாமல் இழுத்தடித்த நாட்கள் அவர்கள் கணக்கு. அவர்கள் முடிவு சொன்ன பிறகு நீங்கள் யோசித்துக்கொண்டிருந்த நாட்கள் உங்கள் கணக்கு. ஒர்க் ஷாப்பில் கார் நிற்கும் வாடகை ஓடிக்கொண்டிருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள். டாக்சி, வாடகைக் கார் ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். அந்த நாட்களில் மிச்சமான பெட்ரோல் காசைக் கழிக்கச் சொன்னால் முறைக்காதீர்கள், அது நியாயம்தான்.

இவ்வளவும் இடித்தவரிடம் கேட்கும் நஷ்டஈட்டுக்குத்தான். உங்கள் சொந்த பாலிசியில் கேட்டால் அது ஒப்பந்தம். அதில் எழுதியிருக்கும் தொகையும் விதிவிலக்குகளுமே பேசும், கார் இல்லாத நாட்களுக்குத் தனியாகக் கவர் எடுத்திருந்தால் ஒழிய ஒன்றும் வராது.