காது மெஷினை சிவியில் எழுதலாமா?

"அண்ணா, இங்கிலாந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ரெண்டு காதிலும் மெஷின் போட்டிருக்கிறேன், கணக்கர் வேலைக்குப் பார்க்கிறேன். சிவியில் இதை எழுதணுமா, மறைக்கணுமா? அப்புறம், லண்டன் வாடகை கட்டுப்படியாகுமா, வேறு ஊர் போகலாமா?"

வாடகையை வேறு யாரிடமாவது கேள் தம்பி, நான் லண்டனை விட்டு வந்து வருஷக்கணக்காகிறது. காது சமாசாரம் என் சொந்த சமாசாரம், எனக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது.

சிவியில் எழுதாதே. அதை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் ஏஜென்சிக்காரர், ஒரு குவியலைப் பாதியாக்குவதுதான் அந்த நேரத்தில் அவர் வேலை. உனக்கு ஏதாவது வசதி செய்து தரக்கூடிய இடத்திலேயே அவர் இல்லை. அப்படியே ஊரில் போட்ட பயோடேட்டா பழக்கத்தையும் விடு. பிறந்த தேதி, திருமணமானவரா, போட்டோ, 'உடல்நலம்: நன்று', எதுவும் இங்கே வேண்டாம்.

இதற்குச் சட்டமும் துணை இருக்கிறது. 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தின் 60ஆவது பிரிவுப்படி, வேலை தருகிறோம் என்று சொல்லும் வரை உடல்நலத்தைப் பற்றி முதலாளி பொதுவாகக் கேட்கக் கூடாது. நேர்காணலுக்கு என்ன வசதி வேண்டும், அந்த வேலையின் அடிப்படையான பகுதியைச் செய்ய முடியுமா என்பது போன்ற சில கேள்விகளுக்குத்தான் விலக்கு. மெஷின் போட்டால் நன்றாகக் கேட்கிறதே, நான் எப்படி மாற்றுத்திறனாளி என்று யோசிக்காதே. மெஷினைக் கழற்றினால் எப்படி இருக்கும் என்றுதான் சட்டம் பார்க்கும், மூக்குக்கண்ணாடிக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு கிடையாது. (இதெல்லாம் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸுக்கு. வட அயர்லாந்தில் சட்டம் வேறு.)

ஆனால் சிவியில் எழுதாதே என்றால் கடைசி வரை வாயைத் திறக்காதே என்று அர்த்தமில்லை. நம் சங்கத்து ஆட்கள் சிலர் அப்படித்தான் புத்தி சொல்வார்கள், சொல்பவர்களுக்குக் காது பளிச்சென்று கேட்கும். உனக்கு ஒரு தேவை இருப்பது நிறுவனத்துக்குத் தெரிந்தால்தான், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலை இருந்தால்தான், வசதி செய்து தரும் கடமை அவர்களுக்கு வரும். நீ சொல்லாமல் போனில் பாதிக் கேள்வியைத் தவறவிட்டால், ஆளுக்கு விஷயம் தெரியவில்லை என்று குறித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சொல்ல வேண்டிய நேரம் நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும். அந்த மின்னஞ்சலுக்குப் பதிலாக இவ்வளவு போதும்: "அழைப்புக்கு நன்றி, அந்த நாளில் வருகிறேன். எனக்குக் கேட்கும் திறன் குறைவு, இரண்டு காதிலும் கருவி அணிகிறேன். தொலைபேசிக்குப் பதில் வசனம் ஓடும் வீடியோ அழைப்பு வைத்தால் உதவியாக இருக்கும். நேரில் என்றால் சத்தமில்லாத அறையும், பேசுபவர்கள் என் முகம் பார்த்துப் பேசுவதும் போதும்." எந்த வயதில் வந்தது, எத்தனை டெசிபல், டாக்டர் என்ன சொன்னார் என்ற கதையெல்லாம் வேண்டாம். நோயை விவரித்தால் படிப்பவர் பயப்படுவார், தேவையைச் சொன்னால் அறையை ஏற்பாடு செய்வார்.

முன்கூட்டியே சொல்வதில் லாபம் இருக்கிற இடமும் ஒன்று உண்டு. விளம்பரத்தில், மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுக்க ஊக்குவிக்கும் 'டிஸெபிலிட்டி கான்ஃபிடென்ட்' என்ற அரசுத் திட்டத்தின் முத்திரை இருந்தால் விண்ணப்பப் படிவத்தைக் கவனித்துப் பார். அந்தத் திட்டத்தின் இரண்டாம், மூன்றாம் நிலையில் இருக்கும் நிறுவனங்கள், குறைந்தபட்சத் தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு நேர்காணல் தருவதாக ஒப்புக்கொண்டவை. அதற்கான கட்டத்தில் டிக் போடு. ரொம்பப் பேர் விண்ணப்பித்தால் எல்லோரையும் கூப்பிட மாட்டார்கள், வேலைக்கும் உத்தரவாதமில்லை. படிவத்தோடு வரும் சமத்துவக் கணக்கெடுப்புத் தாள் வேறு, அது புள்ளிவிவரத்துக்கு. அதில் எழுதியதால் நேர்காணல் எடுப்பவருக்குத் தெரிந்துவிட்டது என்று இருந்துவிடாதே.

வேலை கிடைத்த பிறகு உடல்நலப் படிவம் வந்தால் உண்மையை மட்டும் எழுது, அங்கே பொய் எழுதினால் பின்னால் வேலைக்கே வேட்டு. 'ஆக்சஸ் டு வொர்க்' என்ற அரசுத் திட்டத்தையும் அப்போது பார், வேலைக்குத் தேவையான கருவிகளுக்கு அதில் உதவி கிடைக்கலாம்.

நான் வந்த புதிதில் ஒரு ஏஜென்சியில், போன் வேண்டாம், மின்னஞ்சலில் தொடர்புகொள்ளுங்கள் என்று தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த ஆள் போன்தான் அடிப்பான், அதுவும் நான் பஸ்ஸில் இருக்கும்போது. வலது காதில் போனை அழுத்திக்கொண்டு, இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் நகரச் சொல்வதுகூடக் கேட்காமல், 'யெஸ், யெஸ்' என்று தலையாட்டியிருக்கிறேன். கடைசியில் ஆர்வமில்லாத ஆள் என்று என் பெயரைத் தூக்கிவிட்டான். நான் எழுதிக் கொடுத்த தாளைக் காட்டலாம் என்றால் என்னிடம் நகல் இருந்தால்தானே. அன்றிலிருந்து எல்லாம் மின்னஞ்சல்தான். இன்றைக்கு என் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன், வலது பக்கம் உட்கார், இல்லாவிட்டால் எழுதிக் காட்டு என்று. ஒருத்தரும் கோபித்துக்கொண்டதில்லை.

நீ அனுப்புகிற பதிலையும் அவர்கள் போடும் பதிலையும் தனியாக எடுத்து வை. சொல்லியும் போனிலேயே நேர்காணல் வைத்துக் கழித்துக்கட்டினால், வேலைத் தகராறுகளில் உதவும் ஏகாஸ் அமைப்பிடம் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். வேலை வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயத்துக்குப் போவதற்குக் காலக்கெடு குறுகியது, அதனால் ஆறப்போடாமல் கேள்.