நாலாவது அறை கட்டினால் வீட்டு விலை குறையுமா?

*கேள்வி: ஐயா, சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீடு 110 சதுர மீட்டர். மூன்று படுக்கையறை, ஒரு கராஜ். பின்பக்கம் 16 சதுர மீட்டரில் இன்னொரு படுக்கையறை கட்ட நினைக்கிறோம். ஏஜென்ட் கீழே உள்ள சமன்பாட்டைக் காட்டி, "அறை கட்டினால் 40,000 ராண்ட் குறையும், இப்படியே விற்றுவிடுங்கள்" என்கிறார். நம்பலாமா?*

```
விலை (ஆயிரம் ராண்டில்) = 260 + 7 × பரப்பு − 40 × படுக்கையறை + 90 × கராஜ்
```

விற்ற வீடுகளின் பட்டியலிலிருந்து எடுத்த சமன்பாடு இது, சரியாகவே இருக்கலாம். ஏஜென்ட் அதைப் பாதி மட்டும் படித்திருக்கிறார்.

அந்த −40 சொல்வது இதுதான்: ஒரே பரப்பும் ஒரே எண்ணிக்கையில் கராஜும் உள்ள இரண்டு வீடுகளை எடுத்துக்கொண்டால், ஒரு படுக்கையறை கூடுதலாக உள்ள வீடு சராசரியாக 40,000 ராண்ட் குறைவாகப் போயிருக்கிறது. அதில் வியப்பு ஒன்றுமில்லை. அதே 110 சதுர மீட்டருக்குள் நான்கு அறை என்றால் ஏதாவது ஓர் அறையை இரண்டாகத் தடுத்திருப்பார்கள், அல்லது கூடத்தைச் சுருக்கியிருப்பார்கள். மற்றவை மாறாமல் என்பதற்கு இங்கே பொருள், வீடு ஒரு சதுர மீட்டர்கூட வளராமல் என்பதே. நீங்கள் செய்யப்போவது அது அல்லவே. வெளியே நீட்டிக் கட்டுகிறீர்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இப்போதைய வீடு: 260 + 770 − 120 + 90 = 1,000. அதாவது பத்து லட்சம் ராண்ட். அறை கட்டிய பிறகு பரப்பு 126, படுக்கையறை 4: 260 + 882 − 160 + 90 = 1,072. விலை 72,000 கூடுகிறது. 16 சதுர மீட்டர் 112,000 கொடுக்க, நாலாவது அறை 40,000 பிடித்துக்கொள்கிறது. இந்த 72,000-ஐக் கட்டுமானச் செலவோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். செலவு சமன்பாட்டில் இல்லை.

கராஜையே படுக்கையறையாக மாற்றுகிறவர்கள் இங்கே நிறைய. அவர்களுக்குக் கணக்கு வேறு; இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 18 சதுர மீட்டர் கராஜ் என்று வைப்போம். கராஜ் போவதால் 90 குறையும், அறை கூடுவதால் 40 குறையும். பரப்பு? ஏஜென்டின் பட்டியலில் கராஜைச் சேர்க்காமல் பரப்பை அளந்திருந்தால், அந்த 18 இப்போது புதிதாகச் சேர்கிறது: 7 × 18, அதாவது விலையில் 126 கூடும். கூட்டிக் கழித்தால் வெறும் 4,000 ராண்ட் நட்டம். கராஜையும் சேர்த்து அளந்திருந்தால் பரப்பு மாறாது, நட்டம் 130,000. ஒரே சமன்பாடு, ஒரே சுவர், இரண்டு விடை! எனவே பரப்பு என்பதில் எதையெல்லாம் அளந்தார்கள் என்று கேட்காமல் எந்த எண்ணையும் உள்ளே போடாதீர்கள். கேட்டால் பெரும்பாலும் பதில் வராது, அது வேறு விஷயம்.

அடுத்தது, 1,000 என்ற அந்த ஒற்றை எண். அது உங்கள் வீட்டின் விலை அல்ல, உங்கள் வீட்டைப் போன்ற வீடுகளின் சராசரி. ஒவ்வொரு வீடும் சமன்பாட்டிலிருந்து எவ்வளவு விலகி நின்றது என்பதற்கு ஓர் அளவு உண்டு, எச்சத் திட்டப்பிழை என்பார்கள். உதாரணத்துக்கு அது 120 என்றால், இப்படிப்பட்ட நூறு வீடுகளில் சுமார் 95 வீடுகள் 760,000-க்கும் 1,240,000-க்கும் இடையே விற்கும். ஏஜென்ட் இதைக் காட்டமாட்டார். அகலமான இடைவெளியைக் காட்டினால் "உடனே கையெழுத்துப் போடுங்கள்" என்று சொல்லமுடியாதே! அறை கட்டாமலே வீட்டை இன்று விற்றால் அவருக்குக் கமிஷன் இன்றே. நீங்கள் கட்டி முடிக்கும்வரை அவர் ஏன் காத்திருக்கவேண்டும்?

72,000-ஐயும் உறுதி என்று எடுக்கவேண்டாம். அந்த 7, பெரிய வீடுகளையும் சிறிய வீடுகளையும் ஒப்பிட்டு வந்த எண். பெரிய வீடுகள் நல்ல தெருவில் இருந்திருக்கலாம், சமையலறை புதிதாக இருந்திருக்கலாம். தெருவும் சமையலறையும் சமன்பாட்டில் இல்லாததால் அவை மாறாமல் வைக்கப்படவும் இல்லை. அவற்றின் மதிப்பும் அந்த 7-க்குள் கலந்திருக்கலாம். நகராட்சி ஒப்புதல் பெற்ற பிளான் இருக்கிறதா என்பதும் அப்படித்தான். அந்த ஒப்புதலுக்கு எத்தனை முறை கவுன்டருக்கு நடக்கவைப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஆனாலும் வாங்கிவிட்டுக் கட்டுங்கள். பிளான் இல்லாத அறை விற்கும் நேரத்தில் தகராறில் கொண்டுபோய் விடும்.

ஏஜென்டிடம் மூன்றைக் கேளுங்கள்: பரப்பை அளந்த விதம், எச்சத் திட்டப்பிழை, பட்டியலில் 120 சதுர மீட்டரைத் தாண்டிய நான்கு படுக்கையறை வீடுகள் எத்தனை என்பது. அப்படி ஒன்றிரண்டுதான் இருந்தால் அத்தகைய வீட்டுக்குச் சமன்பாடு சொல்வது ஊகம்தான், 1,072-ஐ ஓரமாக வையுங்கள். அப்புறம் ஏஜென்ட் தொழில் செய்ய அவரிடம் இருக்கவேண்டிய ஃபிடலிட்டி ஃபண்ட் சான்றிதழையும் பாருங்கள். செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லாதவருக்குக் கமிஷன் கேட்க உரிமையே கிடையாது.